லேப்டாப் படத்தில் திரையை மாற்றினால் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரிகிறது: கோணம், கண்ணாடி வெளிச்சம் இரண்டையும் எப்படிப் பிடிப்பது?

தாமரை
ஒரு விற்பனைப் பக்கத்துக்காக 13.3 அங்குல லேப்டாப்பைப் படம் எடுத்திருக்கோம். திரை 2560×1600. இடது முன்பக்கத்திலேருந்து 24 மி.மீ. லென்ஸ்ல எடுத்தது, படம் 6000×4000. லேப்டாப் திரை படத்தோட மேல் பாதியில வருது. திரையை அணைச்சு வச்சுத்தான் எடுத்தோம். வலது மேல் மூலையில ஜன்னல் வெளிச்சம் கம்பி நிழலோட விழுந்திருக்கு. அது பார்க்க நல்லா இருக்கறதால விட்டுட்டேன்.

ஒரு 1920×1080 ஸ்கிரீன்ஷாட்டை ஃபோட்டோஷாப்ல கொண்டுவந்து `Distort` வச்சு நாலு மூலையிலயும் உட்கார வச்சேன். ஜன்னல் வெளிச்சம் மறைஞ்சுபோச்சு, அதனால மேல ஒரு வெள்ளை கிரேடியன்ட் போட்டு 20 சதவீதத்துல வச்சேன். மூணு விஷயம் உறுத்துது. ஐகான் எல்லாம் உயரமா இழுத்த மாதிரி இருக்கு. மேல் விளிம்புல நடுவுல மட்டும் ஆறு பிக்சல் அளவுக்குக் கறுப்புக் கோடு எட்டிப் பார்க்குது, மூலைகள் சரியா இருக்கு, கீழ் விளிம்பும் சரியா இருக்கு. மூணாவது, மொத்தத்துல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு. எங்க சரிபண்ணணும்?

பிக்சல்குமார்
ரொம்ப சிம்பிள். மேல் விளிம்பு இடைவெளிக்கு `Warp` எடுத்து நடுவுல மேல இழுத்துடுங்க. கிரேடியன்ட் வேண்டாம், அணைஞ்ச திரைப் படத்தையே மேல போட்டு `Linear Dodge` வைங்க. வெளிச்சத்தோட வெளிச்சம் கூடும், அதுதான் நிஜத்துல நடக்கறது. மூணு நிமிஷ வேலை.

சாய்மானம்
முதல் இரண்டு சிக்கலும் வடிவம் சம்பந்தப்பட்டவை, அதை முதலில் முடித்துவிடலாம். வடிவம் தவறாக இருக்கும்போது வெளிச்சத்தைச் சரிசெய்து பயனில்லை.

ஐகான் இழுபட்டதற்குக் காரணம் விகிதம். உங்கள் திரை 16:10, ஸ்கிரீன்ஷாட் 16:9. 1920 அகலத்துக்கு அந்தத் திரையில் 1200 உயரம் வரவேண்டும், நீங்கள் கொடுத்தது 1080. `Distort` கேள்வி கேட்காமல் 11 சதவீதம் மேலும் கீழுமாக இழுத்து நிரப்பிவிட்டது. சாய்ந்த கோணத்தில் இதைக் கண்ணால் பிடிப்பது கடினம், ஏனென்றால் கோணமே எல்லாவற்றையும் குறுக்கிக் காட்டுகிறது. அதனால் கண்ணை நம்பாமல் கணக்கை நம்புங்கள். அந்த லேப்டாப்பிலேயே எடுத்த 2560×1600 ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் அதுதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் கேன்வாஸை 1920×1200 ஆக்கி, டாஸ்க்பாரைக் கீழே நகர்த்தி, நடுவில் வால்பேப்பரை நீட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வெட்டி 1728×1080 ஆக்குவதும் விகிதப்படி சரிதான், ஆனால் இரு பக்கமும் 96 பிக்சல் போய்விடும். செயலிச் சாளரத்தை மூடும் பொத்தானும் கடிகாரமும் அங்கேதான் இருக்கும்.

மேல் விளிம்பு இடைவெளிக்கு `Warp` வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே விடை இருக்கிறது: கீழ் விளிம்பு நேர், மேல் விளிம்பு வளைவு. கீழ் விளிம்பு படத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது, மேல் விளிம்பு படத்தின் ஓரத்துக்கு அருகில். அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் இருக்கும் கோடுகளை வெளிப்பக்கமாக வளைக்கும், நடுவில் தொடாது. `Distort` நேர்கோட்டை நேர்கோடாகத்தான் வைக்கும். ஆகவே மூலைகள் பொருந்தினாலும் நடுவில் இடைவெளி வரும். திரையை வளைக்காமல் படத்தை நிமிர்த்துங்கள். ரா கோப்பு என்றால் கேமரா ராவில் `Optics` பகுதியில் `Use profile corrections`. ஜேபெக் மட்டும் இருந்தால் `Filter > Lens Correction` போய் `Custom` தாவலில் `Remove Distortion`. அதன்பிறகு நாலு மூலையையும் புதிதாகப் பொருத்த வேண்டும், பழைய மூலைகள் நகர்ந்திருக்கும்.

பிக்சல்குமார்
`Warp`லயும் மூலையை இழுக்கலாமே அண்ணா. ரிசல்ட் ஒண்ணுதானே? எதுக்கு மறுபடி முதல்லேருந்து?

சாய்மானம்
ஒன்றல்ல. `Distort` கிட்ட இருப்பதைப் பெரிதாகவும் தள்ளி இருப்பதைச் சிறிதாகவும் காட்டும். `Warp` மூலைகளுக்கு நடுவே இருப்பதை ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டு இழுக்கும். சோதித்துப் பாருங்கள்: ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் 16×10 சதுரக் கட்டம் ஒன்றும், சரியான மையத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் வையுங்கள். வெளியே வந்து படத்தில் திரையின் எதிரெதிர் மூலைகளை இணைத்து இரண்டு கோடு போடுங்கள். `Distort` செய்தால் அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். `Warp` மூலையை இழுத்துச் செய்தால் புள்ளி கிட்டப் பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும். நேராக எடுத்த படத்தில் வித்தியாசம் தெரியாது, இதுபோல முக்கால் கோணத்தில் நன்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் புள்ளிச் சோதனை விகிதத் தவறைக் காட்டாது. 16:9 படத்தை இழுத்து வைத்தாலும் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கும்.

சங்கர்_எஸ்
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மேட் ஸ்கிரீன் கார்டு ஒட்டிட்டா கண்ணாடி வெளிச்சமே வராதே. இல்லன்னா லென்ஸ்ல போலரைசர் மாட்டுங்க.

சாய்மானம்
தாமரை அந்த வெளிச்சத்தை எடுக்கக் கேட்கவில்லை, வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார். விற்கிற பொருளில் இல்லாத மேட் பரப்பைப் படத்தில் காட்டுவதும் சரியில்லை. போலரைசர் பற்றி ஒன்று: அணைத்த திரைக்கு அது நன்றாக வேலை செய்யும். எல்.சி.டி. திரை எரியும்போது அதிலிருந்து வருகிற ஒளியே ஒரு திசையில் முனைவாக்கப்பட்டது. வளையத்தைத் திருப்பும்போது திரை முழுக்கக் கறுத்துப்போகலாம். அதைப் பார்த்துத் திரை பழுதென்று நினைத்துவிடாதீர்கள்.

தாமரை
லென்ஸ் திருத்தம் போட்டதும் மேல் இடைவெளி போயிடுச்சு. 2560×1600 ஸ்கிரீன்ஷாட்டும் கிடைச்சுது. ஆனா இன்னொரு சிக்கல். திரை அணைஞ்சிருக்கறதால படம் தெரியற பகுதி எங்க முடியுது, கறுப்பு பார்டர் எங்க தொடங்குதுன்னே தெரியல. குத்துமதிப்பா வச்சேன்.

சாய்மானம்
எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு `Curves` லேயர் போட்டு, இடது பக்க இருண்ட பகுதியைக் கண்ணைக் கூசும் அளவுக்குத் தூக்குங்கள். அணைந்த பேனல் கொஞ்சம் சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும், பார்டர் மை கறுப்பாகவே இருக்கும். அந்த எல்லை மீது ஒரு பிக்சல் கோடுகள் நான்கு வரைந்து, அவை சந்திக்கும் இடத்தில் மூலையை வையுங்கள். பொருத்துவதை 200 சதவீதப் பெரிதாக்கத்தில் செய்யுங்கள். முடிந்ததும் `Curves` லேயரை நீக்கிவிடுங்கள்.

அடுத்த முறை ட்ரைபாடை அசைக்காமல் மூன்று படம் எடுங்கள்: திரை அணைத்து ஒன்று, முழு வெள்ளைப் படம் ஓடவிட்டு ஒன்று, உண்மையான பக்கம் ஓடவிட்டு ஒன்று. வெள்ளைப் படம் எல்லையைச் சொல்லும், மாஸ்க் தரும், திரை வெளிச்சம் விசைப்பலகையில் எவ்வளவு விழுகிறது என்றும் காட்டும். மூன்றாவது நிறத்தை ஒப்பிட மட்டும். அதில் மொயரே அலைக்கோடுகள் வரும், அப்படியே பயன்படுத்த முடியாது.

இப்போது வெளிச்சம். உங்களிடம் அணைத்த திரைப் படம் இருப்பதால் கிரேடியன்ட் வரையவே தேவையில்லை, ஜன்னல் வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் லேயரை மேலேயே வைத்து, அதன் கலப்பு முறையை `Normal`லிருந்து `Screen` ஆக மாற்றுங்கள். அவ்வளவுதான். அடியில் இருக்கும் ஜன்னல், கம்பி, எல்லாம் அதன் ஊடே வரும். முக்கியமான பலன் பார்டரில் கிடைக்கும். கண்ணாடி ஒன்றே, அது பார்டரையும் திரையையும் சேர்த்து மூடியிருக்கிறது. ஜன்னல் கம்பி பார்டரில் தொடங்கி திரைக்குள் உடையாமல் போகவேண்டும். நீங்கள் வரைந்த கிரேடியன்ட் திரை எல்லையில் நின்றுவிட்டது, ஸ்டிக்கர் தோற்றத்துக்குப் பெரிய காரணம் அதுதான்.

மாற்றும் முன் அணைத்த படத்தில் தூசி, விரல் ரேகையை `Healing Brush` கொண்டு எடுத்துவிடுங்கள். கறுப்பில் தெரியும் ஒவ்வொரு தூசியும் ஸ்கிரீன்ஷாட் மேலே வெள்ளைப் புள்ளியாக வரும்.

பிக்சல்குமார்
இதத்தானே நானும் சொன்னேன்? `Linear Dodge`னா கூட்டல். வெளிச்சம் கூடும்னு நீங்களும் ஒத்துக்கறீங்க. `Screen` கூட்டலே இல்லையே.

சாய்மானம்
வெளிச்சம் கூடும் என்பது முழுக்கச் சரி. கோப்பில் இருக்கும் எண் வெளிச்சத்தின் அளவு இல்லை என்பதுதான் பிரச்சினை. sRGB எண்கள் காமா வளைவில் எழுதப்பட்டவை. 128 என்ற எண் பாதி வெளிச்சம் அல்ல, ஏறத்தாழ 21.6 சதவீதம்.

தாமரையின் படத்தில் ஜன்னல் திட்டு 128, அதன் மேல் வரும் ஸ்கிரீன்ஷாட் சாம்பலும் 128 என்று வைத்துக்கொள்வோம். உண்மை வெளிச்சமாகக் கூட்டினால் 43.2 சதவீதம், அதைத் திரும்ப எண்ணாக்கினால் 176. `Screen` தருவது 192. `Linear Dodge` எண்ணோடு எண்ணைக் கூட்டி 255 தந்துவிடும், அதாவது வெறும் வெள்ளை. எதிர்பார்த்ததைவிட `Screen` கொஞ்சம் வெளுப்பு, `Linear Dodge` அந்த இடத்தையே அழித்துவிடுகிறது. `Lighten` முயன்றால் எது பெரிதோ அது மட்டும் நிற்கும், இங்கே 128. வெளிச்சம் கூடவே கூடாது, வெளிர்ப் பகுதிகளில் ஜன்னல் காணாமல் போகும்.

உங்கள் `Linear Dodge` சரியாக வேலை செய்யும் இடமும் உண்டு: 32 பிட் ஆவணம், அல்லது `Color Settings`இல் `Blend RGB Colors Using Gamma` என்பதை 1.00 ஆக்குவது. அந்த அமைப்பு திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளையும் பாதிக்கும், வேறு கணினியில் அதே லேயர்க் கோப்பு வேறு மாதிரித் தெரியும். 16 எண் வித்தியாசத்துக்காக நான் அதைத் தொடமாட்டேன்.

பிக்சல்குமார்
ஓகே, 255 ஆனது புரிஞ்சுது. என் டெம்ப்ளேட்ல எல்லாம் வெளிச்சத் திட்டு 30, 40க்கு மேல போகாது, அதான் தெரியல போல.

கிம்ப்காரன்
கிம்ப் 2.10 முதல் இது சுலபம். லேயர் பண்புகளில் `Blend space` என்பதை `RGB (linear)` ஆக்கி, முறையை `Addition` வைத்தால் மேலே சொன்ன 176 அப்படியே வரும், மற்ற லேயர்களைத் தொடாது. மூலை பொருத்த `Shift+P`, இடைக்கணிப்பு `LoHalo`. ஒரே முறையில் பொருத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப இழுத்தால் ஒவ்வொரு தடவையும் எழுத்து மழுங்கும். அசல் ஸ்கிரீன்ஷாட் லேயரை மறைத்து வைத்துக்கொண்டு, பிடிக்காவிட்டால் அதிலிருந்து புதிதாகத் தொடங்குவதே நல்லது.

தாமரை
`Screen` போட்டதும் கம்பி நிழல் பார்டர்லேருந்து உள்ள வரைக்கும் ஒரே கோடா வந்துடுச்சு. அருமை. ஆனா ஸ்கிரீன்ஷாட்ல வலது பக்கம் வெள்ளைப் பக்கம் திறந்திருக்கு. அந்த இடத்துல ஜன்னல் தெரியவே மாட்டேங்குது, இடது பக்கக் கறுப்பு மெனுவுல மட்டும் லேசான புகை தெரியுது.

வெள்ளைத்திரை
வெள்ளை ஏற்கனவே 255-ல் நிற்கிறது, அதற்கு மேல் எதைக் கூட்டினாலும் 255 தான். கேமராவில் நிஜமாக, அளவான எக்ஸ்போஷரில் எடுத்தால் திரை வெள்ளை அந்த உச்சியில் உட்காராது, ஸ்கிரீன்ஷாட்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் லேயருக்கு மட்டும் `Levels` போட்டு, `Output Levels` வலது முனையை 255-லிருந்து 225-க்குக் கொண்டுவாருங்கள். 128 திட்டு விழும் இடத்தில் வெள்ளை 240 ஆகும், மற்ற இடத்தில் 225 பக்கத்தில் நிற்கும். அந்த 15 எண் வித்தியாசம்தான் வெள்ளைப் பக்கத்தின் மேல் ஜன்னலைக் காட்டும். கறுப்பு எழுத்து அந்த இடத்தில் 128 வரை வெளுக்கும், அது சரிதான். வெளிச்சம் விழுந்த திரையில் எழுத்துதான் முதலில் மங்கும். கறுப்பு முனையைத் தொடாதீர்கள், அதை அடியிலுள்ள படமே தூக்கிவிடும்.

எழுத்து படிக்க முடியாமல் போகிறதென்றால் ஜன்னலைக் குறைக்க வேண்டும். அப்போது `Curves` லேயரைப் படத்துக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் நடுவில் போட்டு, மாஸ்கில் பார்டரையும் சேர்த்து மொத்தக் கண்ணாடியையும் மூடுங்கள். திரைப் பகுதியை மட்டும் குறைத்தால் பார்டரில் பிரகாசமான கம்பியும் உள்ளே மங்கிய கம்பியுமாக எல்லையில் வெட்டுத் தெரியும்.

அடுத்தது கூர்மை. ஸ்டிக்கர் தோற்றத்தில் மீதி பாதி இதுதான். லேப்டாப் மூடியின் தள்ளி இருக்கிற வலது விளிம்பு லேசாக மங்கியிருக்கும், உங்கள் ஸ்கிரீன்ஷாட் அங்கேயும் கத்தி மாதிரி நிற்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மேல் `Gaussian Blur` 0.7 பிக்சல் முழுதுக்கும் கொடுங்கள். ஒரு ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் எல்லா ஃபில்டருக்கும் மாஸ்க் ஒன்றுதான், அதனால் அதை மறுபடி ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி இரண்டாவதாக இன்னொன்று 1.5 பிக்சல், அதன் ஃபில்டர் மாஸ்கில் இடமிருந்து வலமாகக் கறுப்பு வெள்ளை கிரேடியன்ட். அளவை யோசித்து முடிவெடுக்காதீர்கள், மூடியின் வலது ஓரத்தையும் அதை ஒட்டிய எழுத்தையும் 100 சதவீதத்தில் பக்கம் பக்கமாகப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கும் வரை நகர்த்துங்கள். கடைசியில் இன்னொரு முறை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி `Add Noise` 1 சதவீதம், `Monochromatic`. மேசையில் தெரியும் துகள் திரையிலும் இருக்க வேண்டும்.

நிறம் பற்றி: திரையின் வெள்ளை சுமார் 6500 கெல்வின். அறையில் மஞ்சள் விளக்கு இருந்து அதற்கேற்ப வெள்ளைச் சமநிலை வைத்திருந்தால் திரை நீலமாகத்தான் தெரியவேண்டும். பலர் திரையையும் மஞ்சளாக்கி அறையோடு "பொருத்துகிறார்கள்". அப்படிச் செய்தால் திரை அச்சிட்ட காகிதம் போல ஆகிவிடும்.

ஓவியா_டிசைன்
கடைசிப் பத்திக்கு மட்டும் மாறுபடுகிறேன். இது விற்பனைப் பக்கம். திரையில் இருப்பது ஒரு செயலியின் பக்கம் என்றால் அதன் பச்சை அதே பச்சையாக இருக்க வேண்டும் என்றுதான் வாடிக்கையாளர் கேட்பார். நீலம் கலந்த பச்சையை "இயற்கை" என்று சொல்லி அனுமதி வாங்க முடியாது.

வெள்ளைத்திரை
லேப்டாப்பை விற்கிறார்களா, செயலியை விற்கிறார்களா என்பதைப் பொறுத்தது. தாமரை படத்தில் இருப்பது ஜன்னல் வெளிச்சம், அதனால் நீலம் மிகக் குறைவு. அவருக்கு இந்தத் தகராறு பெரிதாக எழாது. மஞ்சள் விளக்குப் படத்தில் நான் நீலத்தை விடமாட்டேன்.

ஓவியா_டிசைன்
நான் விட்டுவிடுவேன். சரி, இருவரும் அவரவர் வாடிக்கையாளருக்கே பதில் சொல்வோம்.

முத்து_மொபைல்
எனக்கும் இதே வேலை, ஆனா போன். கையில பிடிச்ச படம், கட்டைவிரல் திரை மேல கொஞ்சம் வந்திருக்கு, மூலைகள் வளைவு. `Screen` வச்சா விரல் மேலயும் படம் ஏறுது. நாலு மூலை எங்க வைக்கறதுன்னும் புரியல, மூலையே இல்லையே.

சாய்மானம்
மூலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. நாலு பக்கத்தின் நேர்ப்பகுதியிலும் கோடு வரைந்து நீட்டுங்கள், அவை வெளியே சந்திக்கும் இடங்கள்தான் உங்கள் மூலைகள். வளைவின் மீதே கைப்பிடியை வைத்தால் படம் சுருங்கிவிடும், ஓரத்தில் இருக்கும் ஐகான்கள் உள்ளே தள்ளப்படும். வளைவை ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள்ளேயே வட்ட மூலைச் செவ்வக மாஸ்காகப் போடுங்கள், 1080×2400 கேன்வாஸில். வெளியே வரும்போது கோணத்தோடு சேர்ந்து அதுவும் சாயும், கையால் வரைந்தால் நாலு மூலையும் நாலு விதமாக வரும்.

விரலை பென் டூலில் வெட்டி ஸ்கிரீன்ஷாட் குழுவின் மாஸ்கில் கறுப்பாக்குங்கள், விளிம்புக்கு 1 பிக்சல் மென்மை போதும். அதோடு நிறுத்தினால் விரல் வெட்டி ஒட்டியது போல இருக்கும், எரியும் திரை விரலின் அடி ஓரத்தில் வெளிச்சம் போடவேண்டும். ஸ்கிரீன்ஷாட்டின் நகலை 60 பிக்சல் அளவு மங்கலாக்கி, விரல் ஓரத்தில் மட்டும் `Screen` முறையில் 15 சதவீதம் வையுங்கள். பக்கவாட்டில் மடிந்து இறங்கும் கண்ணாடி உள்ள போன் என்றால் `Distort` முடித்த பிறகு `Warp` தேவைப்படும். அங்கே உண்மையிலேயே பரப்பு வளைந்திருக்கிறது.

தாமரை
விசைப்பலகைக்கும் இதே மாதிரி வெளிச்சம் போடணுமா? எங்க படத்துல பகல் வெளிச்சம் நல்லாவே இருக்கு.

வெள்ளைத்திரை
பகல் வெளிச்சத்தில் கிட்டத்தட்டத் தெரியாது. மேல் வரிசை விசைகளின் பின் ஓரத்தில் 5 சதவீதம் போதும், அதுவும் வெள்ளைப் பக்கம் திறந்திருக்கும் வலது பக்கம் மட்டும். இருட்டறைப் படத்தில்தான் அது இல்லாமல் முடியாது.

ரவி_ஆர்
திரை எரியும்போது எடுத்த படம் மட்டும்தான் இருக்கு, அணைச்சு எடுக்கல. பழைய பக்கத்தை எடுத்துட்டு வெளிச்சத்தை மட்டும் வச்சுக்க வழி இருக்கா?

சாய்மானம்
அந்தப் பழைய பக்கத்தின் அசல் ஸ்கிரீன்ஷாட் உங்களிடம் இருந்தால், அதே இடத்தில் பொருத்தி `Subtract` செய்து பார்க்கலாம். கிடைப்பது சுத்தமாக இருக்காது, எழுத்துகளின் பேய் விளிம்புகள் மிஞ்சும். திரையின் பிரகாசத்தையும் நிறத்தையும் சரியாக ஊகிக்க வேண்டும். வெள்ளை 255-ல் முட்டியிருக்கும் இடத்தில் எதையும் மீட்க முடியாது. 40 பிக்சல் மங்கலாக்கினால் பெரிய ஜன்னல் வடிவம் கிடைக்கும், கம்பி கிடைக்காது.

ரவி_ஆர்
கம்பி வேண்டாம், மேட் திரைதான்.

வெள்ளைத்திரை
மேட் திரை என்றால் கதை வேறு. அதில் வெளிச்சம் உருவமாக விழாது, பரவலான வெளுப்பாகத்தான் இருக்கும். பார்டர் பிளாஸ்டிக்கின் பளபளப்பைப் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து 30 முதல் 0 வரை இறங்கும் ஒரு சாம்பல் கிரேடியன்டை `Screen` முறையில் போடுங்கள். ரெடிமேடாகக் கிடைக்கும் சாய்ந்த வெள்ளைப் பட்டையை மட்டும் மேட் திரையில் போட்டுவிடாதீர்கள். பழைய படத்தில் வெள்ளை எவ்வளவு முட்டியிருக்கிறது? ஹிஸ்டோகிராம் போட்டால் `Subtract` முயலலாமா என்று சொல்ல முடியும்.